ஒரே சரக்கு, நான்கு எண்ணிக்கை: உங்கள் இன்வாய்ஸ் ஏன் நிறுத்தி வைக்கப்படுகிறது?

"சரக்கு இறக்கி மூணு வாரம் ஆச்சும்மா. உங்க ஸ்டோர் ஆளு சாப் அடிச்சுக் கையெழுத்தும் போட்டிருக்காரு. அப்புறம் எதுக்கு என் பில்லை நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

சிங்கப்பூரின் செனோக்கோ வட்டாரத்தில் உள்ள ஒரு கேட்டரிங் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், சப்ளையர்களுக்குப் பணம் செலுத்தும் பகுதியில் நான் வேலை செய்கிறேன். மேலே உள்ள கேள்வியை வெவ்வேறு குரல்களில் மாதத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். இம்முறை கேட்டவர் எங்களுக்குக் கையுறை, உணவுப் பொட்டலம் கட்டும் பெட்டி போன்றவற்றை வழங்கும் ஒரு சிறு வியாபாரி. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சரக்கு வந்தது உண்மை, சாப் அடித்ததும் உண்மை. ஆனால் அவருடைய இன்வாய்ஸில் இருந்த எண்ணிக்கை எங்களிடம் இருந்த எந்தப் பெறுகைப் பதிவோடும் ஒத்துப்போகவில்லை. அவருக்குத் தொலைபேசியில் விளக்கியதை, அதே நிலையில் இருக்கும் மற்ற சப்ளையர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் தாள்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கொள்முதல் அதிகாரி உங்களுக்கு அனுப்புவது பிஓ, அதாவது கொள்முதல் ஆணை: என்ன பொருள், எத்தனை, என்ன விலை என்று நாங்கள் கேட்டது அதில் இருக்கும். சரக்கோடு லாரியில் வருவது டிஓ. சில நாடுகளில் இதை டெலிவரி நோட் என்பார்கள், சிங்கப்பூரில் டெலிவரி ஆர்டர் என்றே வழங்குகிறோம். நீங்கள் என்ன அனுப்பினீர்கள் என்பதை அது சொல்கிறது. பணம் கேட்டு நீங்கள் அனுப்புவது இன்வாய்ஸ். இந்த மூன்றும் உங்கள் கண்ணில் படுபவை. உங்கள் கண்ணில் படாத நான்காவது ஒன்றும் உண்டு. எங்கள் ஸ்டோரில் சரக்கை எண்ணிப் பார்த்தபின் கணினியில் பதிவு செய்யும் ஜிஆர்என், அதாவது சரக்குப் பெறுகைக் குறிப்பு. பெரும்பாலான குழப்பங்களுக்கு விடை அதில்தான் இருக்கிறது, ஏனென்றால் பணம் செலுத்தும்போது கணினி உங்கள் இன்வாய்ஸை ஒப்பிடுவது உங்கள் டிஓவோடு அல்ல, அந்த டிஓவை வைத்து எங்கள் ஆள் பதிவு செய்த ஜிஆர்என்னோடு. பிஓவில் உள்ள விலை, ஜிஆர்என்னில் உள்ள எண்ணிக்கை, இன்வாய்ஸில் உள்ள விலையும் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தினால், யாரும் கை வைக்காமலேயே அது அடுத்த பணப்பட்டுவாடாவில் சேர்ந்துவிடும். பொருந்தாவிட்டால் நின்றுவிடும்.

இனி அந்தக் கையுறைக் கணக்கைப் பார்ப்போம்.

நாங்கள் கேட்டது 600 பெட்டி கையுறை. பெட்டி ஒன்றுக்கு 4.20 வெள்ளி. பத்துப் பெட்டிகள் சேர்ந்தது ஒரு கார்ட்டன் என்பதால், சப்ளையரின் கிடங்கில் இதை 60 கார்ட்டன் என்று கணக்கிடுவார்கள். சரக்கு அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தைய மாலையிலேயே அவருடைய அலுவலகத்தில், பிஓவைப் பார்த்து 600 பெட்டிக்கு இன்வாய்ஸ் அடித்துவிட்டார்கள். மறுநாள் காலை கிடங்கில் 58 கார்ட்டன்தான் இருந்தது. கிடங்குக்காரர் நேர்மையாக டிஓவில் 58 என்று எழுதி லாரியை அனுப்பினார். ஆனால் அலுவலகத்தில் இருப்பவருக்கு அதைச் சொல்லவில்லை. சரக்கு எங்கள் லோடிங் பேயில் இறங்கியபோது, ஒரு கார்ட்டனின் அடிப்பாகம் நனைந்து ஊறிப்போயிருந்தது. உணவைத் தொடும் கையுறை என்பதால் எங்கள் ஸ்டோர்க்காரர் அதை ஏற்கவில்லை. அதே லாரியில் திருப்பி ஏற்றினார். டிஓவில் அச்சாகியிருந்த 58 என்ற எண்ணைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 57 என்று எழுதி, "1 நனைந்தது, திருப்பப்பட்டது" என்று குறித்து, அதன் மேல் சாப் அடித்துக் கையெழுத்திட்டார். பிறகு கணினியில் 570 பெட்டி என்று ஜிஆர்என் பதிவு செய்தார்.

ஆக, பிஓவில் 600, டிஓவில் அச்சில் 580, ஜிஆர்என்னில் 570, இன்வாய்ஸில் மறுபடியும் 600. இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சரியாகவே எழுதினார்கள், இன்வாய்ஸ் அடித்தவர் உட்பட. அவருக்குத் தெரிந்தது ஆர்டர் மட்டுமே. இன்வாய்ஸ் எண்ணிக்கை பிஓவோடு அப்படியே ஒத்திருந்து ஜிஆர்என் மட்டும் குறைவாக இருந்தால், சரக்கு ஏறுவதற்கு முன்பே இன்வாய்ஸ் அடிக்கப்பட்டது என்று நான் பெரும்பாலும் தாளைத் திறக்காமலேயே சொல்லிவிடுவேன்.

சாப் அடித்த டிஓ கையில் இருக்கிறதே என்று பலர் வாதிடுவார்கள். சாப் சொல்வது "இந்த லாரி இங்கே வந்தது, இவ்வளவு இறங்கியது" என்பதைத்தான். எவ்வளவு என்பது சாப்புக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதியிருப்பதில் இருக்கிறது. இந்தச் சப்ளையரின் ஓட்டுநர் அந்தத் தாளை மடித்து லாரியின் கண்ணாடிக்கு மேல் செருகி வைத்திருந்தார். அது அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது அந்த வாரக் கடைசியில். அங்கேயும் அதைக் கோப்பில் போட்டார்களே தவிர, யாரும் திருத்தத்தைப் படிக்கவில்லை.

பணத்தில் இந்த வேறுபாடு எவ்வளவு என்று பார்ப்போம். 600 பெட்டிக்கு 2,520 வெள்ளி. 2024 ஜனவரி 1 முதல் பொருள், சேவை வரி 9 விழுக்காடு என்பதால் வரி 226.80 வெள்ளி, மொத்தம் 2,746.80. எங்கள் கைக்கு வந்த 570 பெட்டிக்கு 2,394 வெள்ளி, வரி 215.46, மொத்தம் 2,609.46. வித்தியாசம் 137.34 வெள்ளி.

"அந்த 137 வெள்ளியைக் கழிச்சிக்கிட்டு மீதியைப் போட்டுவிடக்கூடாதா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான், சில நிறுவனங்கள் அப்படிச் செய்வதும் உண்டு. எங்கள் நிறுவனத்தில் செய்வதில்லை. வரி இன்வாய்ஸில் 226.80 என்று இருக்கிறது. நாங்கள் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் திரும்பக் கோரும் வரிக்கு அந்தத் தாளே ஆதாரம். 215.46 மட்டும் செலுத்திவிட்டு 226.80 என்று சொல்லும் தாளைக் கோப்பில் வைத்திருந்தால், குறைத்தது யார், எதற்காக என்பதற்கு எங்களிடம் உங்கள் கையெழுத்தில் எந்தச் சான்றும் இருக்காது. உங்கள் பக்கமும் இதில் நட்டம் உண்டு: பதிவு பெற்ற வியாபாரி பொதுவாகத் தாம் கொடுத்த இன்வாய்ஸின்படி வரியைக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால், நீங்கள் இறக்காத 30 பெட்டிக்கு 11.34 வெள்ளி வரியை உங்கள் காலாண்டுக் கணக்கில் காட்டியிருப்பீர்கள். அதைக் குறைத்துக்கொள்ள உங்களுக்கும் ஒரு கிரெடிட் நோட், அதாவது இன்வாய்ஸ் தொகையைக் குறைத்து நீங்கள் வெளியிடும் தாள், தேவை. ஆகவே அந்தத் தாளை நான் கேட்பது எனக்காக மட்டுமல்ல.

இன்னொரு விஷயத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கையை மாற்றும் அதிகாரம் எனக்குக் கிடையாது. ஆர்டர் கொடுப்பவர் ஒருவர், சரக்கைப் பெறுபவர் ஒருவர், பணம் செலுத்துபவர் ஒருவர் என்று பிரித்து வைத்திருப்பதே, ஒரே ஆள் இல்லாத சரக்குக்குப் பில் போட்டுப் பணம் எடுத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான். எனவே "கொஞ்சம் பார்த்துச் செய்யம்மா" என்று என்னிடம் கேட்பதால் பயனில்லை. இறங்கிய எண்ணிக்கை தவறு என்று நினைத்தால் ஸ்டோரிடம் பேச வேண்டும். விலையோ ஆர்டரோ தவறு என்றால் கொள்முதல் அதிகாரியிடம் பேச வேண்டும். இன்வாய்ஸும் கிரெடிட் நோட்டும் மட்டுமே என் மேசைக்கு உரியவை.

சில வேளைகளில் தவறு எங்களுடையதாகவும் இருக்கும், அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு வழி தெரிந்திருப்பது நல்லது. நாங்கள் "ஜிஆர்என்னில் 57 மட்டுமே உள்ளது" என்று சொல்லி, நீங்கள் 570 அனுப்பியிருந்தால், யாரும் 513 பெட்டியைத் தொலைக்கவில்லை. எங்கள் ஸ்டோர்க்காரர் கார்ட்டன் எண்ணிக்கையைப் பெட்டி என்று பதிந்துவிட்டார். இரண்டு எண்களில் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், ஒரு கார்ட்டனில் எத்தனை பெட்டியோ அந்த எண் மிகச் சரியாக வருமானால், அது அளவலகுத் தவறு. வேறுபாடு ஒன்றிரண்டு முழுக் கார்ட்டனாக இருந்தால், குறைவாக வந்திருக்கும் அல்லது திருப்பப்பட்டிருக்கும். டிஓவில் பேனாக் குறிப்பைத் தேடுங்கள். ஜிஆர்என்னே இல்லை என்று நாங்கள் சொன்னால், சரக்கு மாதக் கடைசியில் இறங்கி இன்னும் பதிவாகாமல் கிடக்கலாம். அப்போது சாப் அடித்த டிஓவின் படத்தை எங்களுக்கு அனுப்பினால் அன்றே தீர்ந்துவிடும். எடை போட்டு வாங்கும் வெங்காயம், மீன் போன்றவற்றில் சில கிராம் முன்பின் இருப்பது இயல்பு என்பதால் அவற்றுக்குச் சிறு சலுகை வரம்பு வைத்திருக்கிறோம். எண்ணி வாங்கும் பொருளுக்கு அப்படி எதுவும் இல்லை.

நம் கையுறைக் கதை இத்துடன் முடியவில்லை. அடுத்த வாரம் அவர் மீதமிருந்த 3 கார்ட்டனை, அதாவது வராத இரண்டையும் நனைந்ததற்கு மாற்றான ஒன்றையும், புதிய டிஓ எண்ணோடு அனுப்பினார். எங்கள் ஸ்டோர் 30 பெட்டிக்கு இரண்டாவது ஜிஆர்என் போட்டது. இப்போது மொத்தம் 600 வந்துவிட்டது, முதல் இன்வாய்ஸும் 600 சொல்கிறது. இந்த இடத்தில் அவர் வேறெதுவும் செய்யாமல், "மீதி இந்த டிஓவில் வந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், எண்ணிக்கை பொருந்தி அந்த இன்வாய்ஸ் தானாக விடுபட்டிருக்கும். ஆர்டரின் மீதியை நாங்கள் ரத்து செய்யாமல் திறந்தே வைத்திருக்கும்வரை இந்த வழி செல்லும். ரத்து செய்துவிட்டால் செல்லாது.

ஆனால் அவருடைய அலுவலகத்தில் ஒவ்வொரு டிஓவுக்கும் ஓர் இன்வாய்ஸ் போடுவது வழக்கம். எனவே இரண்டாவது டிஓவைப் பார்த்ததும் 30 பெட்டிக்கு 137.34 வெள்ளி என்று புதிய இன்வாய்ஸ் போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது வந்த சரக்கு 600, பில் போட்ட சரக்கு 630. நான் அலுவலகம் வந்து பார்த்தபோது இரண்டாவது இன்வாய்ஸ் ஏற்கெனவே பொருந்திப் போய்விட்டிருந்தது. அதற்குரிய 30 பெட்டியைக் கணினி எடுத்துக்கொண்டதால், முதல் இன்வாய்ஸுக்கு மறுபடியும் 570தான் மிஞ்சியிருந்தது. அவர் பார்வையில் முழுச் சரக்கும் கொடுத்தாகிவிட்டது. கணினியின் பார்வையில் முதல் இன்வாய்ஸ் இன்னும் 30 பெட்டி அதிகம் கேட்கிறது. அவர் என்னை அழைத்தது இந்தக் கட்டத்தில்தான்.

இதைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டாவது இன்வாய்ஸை முழுவதுமாக ரத்து செய்யும் கிரெடிட் நோட் கொடுக்கலாம், அல்லது முதல் இன்வாய்ஸில் 30 பெட்டியைக் குறைக்கும் கிரெடிட் நோட் கொடுக்கலாம். பணத்தில் இரண்டும் ஒன்றே. நான் இரண்டாவது வழியையே கேட்டேன், ஏனென்றால் அப்போது முதல் டிஓவுக்கு 570 பெட்டி, இரண்டாவது டிஓவுக்கு 30 பெட்டி என்று ஒவ்வொரு இன்வாய்ஸும் தன் டிஓவோடு நேராக நிற்கும். சிங்கப்பூரில் இந்த ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்; நான்காம் ஆண்டில் ஒரு தணிக்கையாளர் கோப்பைத் திறக்கும்போது நீங்களோ நானோ பக்கத்தில் இருக்க மாட்டோம்.

மூன்றாவதாக ஒரு வழி சிலருக்குத் தோன்றும், அதை மட்டும் செய்யாதீர்கள்: பழைய இன்வாய்ஸைக் கணினியில் திறந்து 600ஐ 570 என்று மாற்றி, அதே எண்ணோடு மறுபடி அனுப்புவது. எங்கள் கணினி அதே இன்வாய்ஸ் எண்ணை இரண்டாம் முறை ஏற்காது. எண்ணுக்குப் பின்னால் "ஏ" என்று சேர்த்து அனுப்பினாலோ, பழையது ரத்தானதற்குத் தாள் இல்லாததால், இரண்டுமே உங்களுக்குத் தர வேண்டிய கடனாகப் பதிவாகிவிடும். அப்புறம் உங்கள் கணக்கு அறிக்கையையும் எங்களுடையதையும் ஒப்பிடும்போது, எங்கே பிசகியது என்று தேடுவதற்கே ஒரு பிற்பகல் போய்விடும்.

கிரெடிட் நோட்டை வெளியிடும் முன் வரைவைக் காட்டச் சொன்னேன், அதுவும் நல்லதாகப் போயிற்று. அவர் அனுப்பிய வரைவில் "கையுறை 3 கார்ட்டன், 42.00 வீதம், 126.00" என்று இருந்தது. தொகை சரி. ஆனால் பிஓவும் இன்வாய்ஸும் பெட்டிக் கணக்கில் இருக்கின்றன. இதை அப்படியே பதிந்தால், எண்ணிக்கை 30க்குப் பதில் 3, விலை 4.20க்குப் பதில் 42 என்று கணினி ஒரே வரியில் இரண்டு தவறுகளைக் காட்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு அனுமதித்தால், பணம் சரியாகப் போய்விடும், ஆனால் எண்ணிக்கைக் கணக்கில் 27 பெட்டி அந்தரத்தில் நிற்கும். மாத இறுதியில் அதைத் தேடிக்கொண்டிருப்பதும் நானாகத்தான் இருப்பேன். பிஓ எந்த அலகில் பேசுகிறதோ அதே அலகில் டிஓவும் இன்வாய்ஸும் கிரெடிட் நோட்டும் பேச வேண்டும். உங்கள் கிடங்குக்குக் கார்ட்டன் கணக்குதான் வசதி என்றால், டிஓவில் "580 பெட்டி, 58 கார்ட்டன்" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

திருத்தி வந்த கிரெடிட் நோட்டில் எனக்குத் தேவையான அனைத்தும் இருந்தன. அதற்கென்று தனி எண்ணும் தேதியும், அவருடைய பெயர், முகவரி, வரிப் பதிவு எண், எங்கள் நிறுவனத்தின் பெயர், முகவரி ஆகியவை மேலே இருந்தன. எந்த இன்வாய்ஸைக் குறைக்கிறது என்று முதல் இன்வாய்ஸின் எண்ணும் தேதியும் இருந்தன. இவை விடுபடுவதே மிக அதிகம். காரணம் என்ற இடத்தில் "2 கார்ட்டன் குறைவாக அனுப்பப்பட்டது, 1 கார்ட்டன் நனைந்து திருப்பப்பட்டது" என்றும், கீழே 30 பெட்டி, 4.20 வீதம் 126.00, வரி 9 விழுக்காடு 11.34, மொத்தம் 137.34 என்றும் எழுதியிருந்தார். கூடவே பேனாத் திருத்தம் தெரியும்படி டிஓவின் படத்தையும் இணைத்திருந்தார். பிஓ எண்ணையும் போட்டிருந்தார், எங்கள் தாளில் இருப்பது போலவே, இடையில் கோடோ இடைவெளியோ சேர்க்காமல்.

இன்வாய்ஸ்நவ் வழியாக அனுப்புகிறவர்களுக்கு அந்தக் கடைசி விஷயம் இன்னும் முக்கியம். 2019இல் இங்கே தொடங்கப்பட்ட அந்த மின் இன்வாய்ஸ் வலையமைப்பில், உங்கள் இன்வாய்ஸ் தாளாகவோ படமாகவோ வராமல் தரவாக நேரே எங்கள் கணினிக்குள் வருகிறது. அதற்கென்று உள்ள கட்டத்தில் பிஓ எண் சரியாக இருந்தால் ஒப்பீடு உடனே நடக்கும். குறிப்பு எழுதும் கட்டத்தில் போட்டாலோ காலியாக விட்டாலோ, ஆள் பார்க்கும்வரை காத்திருக்கும். எண்ணிக்கை தவறு என்றால் மட்டும் அது எதையும் சரிசெய்துவிடாது, மூன்று வாரம் கழித்துத் தெரிய வேண்டியது அன்றே தெரியவரும், அவ்வளவுதான்.

அந்த வாரப் பட்டுவாடாவில் இரண்டு இன்வாய்ஸையும் கிரெடிட் நோட்டையும் சேர்த்து அவருக்கு 2,746.80 வெள்ளி போயிற்று. மறுநாள் காலை மறுபடி அழைத்தார்.

"ஏம்மா, நான் மொத மொத அனுப்புன பில்லுத் தொகையும் இதேதானே? அப்பவே போட்டிருக்கலாமே?"

"அண்ணே, அந்த பில்லு வந்த அன்னிக்கு எங்ககிட்ட இருந்தது 57 கார்ட்டன்தான்" என்றேன்.

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, நனைந்த அந்த ஒரு கார்ட்டன் இப்போது எங்கே இருக்கிறது என்று அவர் தம் கிடங்கு ஆளிடம் சத்தமாகக் கேட்பது தொலைபேசியில் எனக்குக் கேட்டது. அடுத்த முறை சரக்கு வந்தபோது, எங்கள் ஸ்டோர்க்காரர் சாப் அடித்த உடனே ஓட்டுநர் டிஓவை லாரியின் பானட்டில் விரித்து வைத்துப் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினாராம். அந்த இன்வாய்ஸ் அன்று மாலைதான் வந்தது. நான் அதைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.